அளவீட்டுப் பயிற்சித்தாள்: நீளம், திணிவு, கொள்ளளவு, நேரம்

தரம் 5, கணிதம். இரண்டாம் தவணை, ஆறாம் கிழமை.

பிள்ளைகளே, போன கிழமை உங்கள் கொப்பிகளைத் திருத்தினேன். கூட்டல், கழித்தல் எல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் 3 கிலோகிராம் 50 கிராமை 350 கிராம் என்றும், 2 மணித்தியாலம் 15 நிமிடத்தை 215 நிமிடம் என்றும் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தால் அலகு மாறிவிடாது. இந்தத் தாள் முழுக்க அந்தப் பிழைக்காகத்தான்.

இந்தத் தாளில் எழுத வேண்டாம், தம்பி தங்கைக்கும் உதவும். விடைகளைச் சதுரக் கொப்பியில் செய்கையோடு எழுதுங்கள்.

தொடங்க முன்

ஒரு வாளியைப் பெரிய சட்டியால் நிரப்பினால் நாலைந்து தடவை ஊற்றினால் போதும். சின்னக் கோப்பையால் நிரப்பினால் எத்தனை தடவை ஊற்ற வேண்டும்? தண்ணீர் அதே அளவுதான், எண்ணிக்கைதான் கூடுகிறது. அதனால் பெரிய அலகைச் சிறிய அலகாக்கும்போது பெருக்குகிறோம், எண் பெரிதாகும். சிறிய அலகைப் பெரிய அலகாக்கும்போது வகுக்கிறோம், எண் சிறிதாகும். விடை எழுதியதும் இதை ஒரு தடவை பாருங்கள். 5 கிலோமீற்றரை மீற்றராக்கி 5ஐ விடச் சிறிய எண் வந்தால், எங்கேயோ பிழை.

1. நீளம்

| பெரிய அலகு | சிறிய அலகு |
|---|---|
| 1 சென்ரிமீற்றர் | 10 மில்லிமீற்றர் |
| 1 மீற்றர் | 100 சென்ரிமீற்றர் |
| 1 மீற்றர் | 1000 மில்லிமீற்றர் |
| 1 கிலோமீற்றர் | 1000 மீற்றர் |

நீளத்தில் மட்டும் 10, 100, 1000 என்று மூன்று எண்கள் வருகின்றன. எது எந்த இடத்துக்கு என்று குழம்பினால் உங்கள் அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கள். 0க்கும் 1க்கும் இடையில் உள்ள சின்னக் கட்டங்களை எண்ணினால் பத்து இருக்கும். அதுதான் முதல் வரி.

வீட்டில் தாத்தா "ரெண்டு கட்டை தூரம்" என்று சொன்னால் மைலைச் சொல்கிறார். அந்தக் காலத்தில் ரோட்டோரம் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். ஒரு கட்டை ஏறத்தாழ 1600 மீற்றர்.

மாதிரி: 4 மீற்றர் 5 சென்ரிமீற்றரைச் சென்ரிமீற்றராக்குவோம்.
4 × 100 = 400
400 + 5 = 405 சென்ரிமீற்றர்

45 அல்ல, 450உம் அல்ல. நடுவில் நிற்கும் அந்தச் சைபரை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி

1. 4 மீற்றர் 35 சென்ரிமீற்றர் எத்தனை சென்ரிமீற்றர்?
2. பிதுருதலாகல மலையின் உயரம் 2524 மீற்றர். சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீற்றர். இரண்டையும் கிலோமீற்றர், மீற்றரில் எழுதுங்கள். எது எத்தனை மீற்றர் உயரம் கூடியது?
3. தெமோதரையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் நீளம் 91 மீற்றர். அது எத்தனை சென்ரிமீற்றர்?
4. லயத்து வாசலில் துணி காயப்போட 12 மீற்றர் 40 சென்ரிமீற்றர் கயிறு வாங்கினார்கள். அதில் 3 மீற்றர் 75 சென்ரிமீற்றரை வெட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். மிச்சம் எவ்வளவு?
5. ஒரு நாள் பெய்த மழை மழைமானியில் 85 மில்லிமீற்றர் காட்டியது. இதைச் சென்ரிமீற்றர், மில்லிமீற்றரில் எழுதுங்கள்.
6. தாத்தா சொன்ன மூன்று கட்டை தூரம் ஏறத்தாழ எத்தனை கிலோமீற்றர், எத்தனை மீற்றர்?

2. திணிவு

கடையிலும் வீட்டிலும் "நிறை" என்கிறோம், பாடப்புத்தகத்தில் "திணிவு" என்று இருக்கிறது. பரீட்சையில் திணிவு என்றே எழுதுங்கள்.

| பெரிய அலகு | சிறிய அலகு |
|---|---|
| 1 கிராம் | 1000 மில்லிகிராம் |
| 1 கிலோகிராம் | 1000 கிராம் |
| 1 மெற்றிக் தொன் | 1000 கிலோகிராம் |

கடைக்குப் போகிற பிள்ளைக்கு இதுவும் தெரிய வேண்டும்:

| கடையில் கேட்பது | கிராமில் |
|---|---|
| கால் கிலோ | 250 |
| அரைக் கிலோ | 500 |
| முக்கால் கிலோ | 750 |
| ஒரு இறாத்தல் | ஏறத்தாழ 454 |

இறாத்தல் பழைய அளவு. இன்றைக்கும் பாண் வாங்கும்போது அந்தச் சொல்லைக் கேட்கலாம்.

இனி கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போவோம். அம்மா ஒரு நாளில் மூன்று தடவை நிறுத்தார். மூன்றையும் கூட்டுவோம்.

| நிறுவை | கிலோகிராம் | கிராம் |
|---|---|---|
| காலை | 6 | 750 |
| மத்தியானம் | 8 | 400 |
| பின்னேரம் | 5 | 900 |
| கூட்டல் | 19 | 2050 |

2050 கிராமை அப்படியே விடக்கூடாது. 2000 கிராம் என்றால் 2 கிலோகிராம். அதைக் கிலோப் பக்கம் கொண்டுபோனால் 19 + 2 = 21. மிச்சம் 50 கிராம். ஆகவே 21 கிலோகிராம் 50 கிராம்.

இதையே கிராமில் எழுதச் சொன்னால்? 21 × 1000 = 21 000. அதோடு 50ஐக் கூட்டினால் 21 050 கிராம். 2150 என்று எழுதுகிற பிள்ளை அம்மாவின் கொழுந்தில் கிட்டத்தட்ட 19 கிலோவை ஒரே வரியில் காணாமல் ஆக்கிவிடுகிறது! கணக்குப் பிள்ளை இப்படி எழுதினால் வீட்டில் சும்மா இருப்பார்களா? அதனால் கிராம் பக்கத்தில் எப்போதும் மூன்று இலக்கம் வையுங்கள்: 50ஐ 050 என்று, 5ஐ 005 என்று. அப்புறம் பிழை வரவே வராது.

பயிற்சி

7. 3 கிலோகிராம் 50 கிராம் எத்தனை கிராம்? (போன கிழமை பிழைத்த அதே கணக்கு.)
8. 7008 கிராமைக் கிலோகிராம், கிராமில் எழுதுங்கள்.
9. சாக்கோடு சேர்த்து நிறுத்தபோது கொழுந்து 21 கிலோகிராம் 350 கிராம். வெறும் சாக்கு 850 கிராம். கொழுந்து மட்டும் எவ்வளவு?
10. ஒரு தேயிலைப் பையில் 2 கிராம் தூள் இருக்கிறது. 1 கிலோகிராம் தூளில் இப்படி எத்தனை பைகள் செய்யலாம்?
11. ஒரு லொறியில் 50 கிலோகிராம் அரிசி மூட்டைகள் 60 ஏற்றினார்கள். மொத்தம் எத்தனை மெற்றிக் தொன்?
12. மருந்து மாத்திரை ஒன்றின் அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அது ஒரு கிராமில் எத்தனை பங்கு?

3. கொள்ளளவு

இதில் மனப்பாடம் செய்ய ஒரே வரிதான்.

| பெரிய அலகு | சிறிய அலகு |
|---|---|
| 1 லீற்றர் | 1000 மில்லிலீற்றர் |

திணிவில் செய்ததை இங்கேயும் செய்யுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் பக்கத்தில் பால், தேன், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் "போத்தல்" கணக்கில் சொல்வோம். அந்தப் போத்தல் 750 மில்லிலீற்றர், ஒரு லீற்றர் அல்ல. அரைப் போத்தல் 375 மில்லிலீற்றர்.

பயிற்சி

13. 2 லீற்றர் 75 மில்லிலீற்றர் எத்தனை மில்லிலீற்றர்?
14. பக்கத்து வீட்டு மாடு காலையில் 4 போத்தல் பால் கறந்தது. அது எத்தனை லீற்றர்?
15. விளையாட்டுப் போட்டிக்கு 4 லீற்றர் 500 மில்லிலீற்றர் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு கோப்பைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் எத்தனை கோப்பை கொடுக்கலாம்?

4. நேரம்

இதுவரை 10, 100, 1000 என்று சுகமாக வந்தோம். நேரம் அப்படி இல்லை. வரிக்கு வரி எண் மாறும். இந்த அட்டவணையை மட்டும் கொப்பியின் பின்னட்டையில் பார்த்து எழுதி வையுங்கள்.

| பெரிய அலகு | சிறிய அலகு |
|---|---|
| 1 நிமிடம் | 60 செக்கன் |
| 1 மணித்தியாலம் | 60 நிமிடம் |
| 1 நாள் | 24 மணித்தியாலம் |
| 1 கிழமை | 7 நாள் |
| 1 ஆண்டு | 12 மாதம் |
| 1 சாதாரண ஆண்டு | 365 நாள் |
| 1 நெட்டாண்டு | 366 நாள் |
| 1 தசாப்தம் | 10 ஆண்டு |
| 1 நூற்றாண்டு | 100 ஆண்டு |

மாதத்துக்கு இத்தனை நாள் என்று ஒரே எண் சொல்ல முடியாது. 28, 29, 30, 31 என்று நான்கு விதமாக வரும். "ஒரு மாதம் நாலு கிழமை" என்பதும் பேச்சுக்குத்தான். 28 நாள் உள்ள பெப்ரவரிக்கு மட்டும்தான் அது சரியாகப் பொருந்தும்.

மாதிரி: ஒரு கோச்சி காலை 10.45க்குப் புறப்பட்டுப் பிற்பகல் 2.20க்கு வந்து சேர்ந்தது. பயணம் எவ்வளவு நேரம்?

முதலில் பிற்பகல் 2.20ஐ 24 மணித்தியால முறையில் 14.20 என்று எழுதுவோம்.

| | மணித்தியாலம் | நிமிடம் |
|---|---|---|
| வந்த நேரம் | 14 | 20 |
| மாற்றி எழுதினால் | 13 | 80 |
| புறப்பட்ட நேரம் | 10 | 45 |
| பயணம் | 3 | 35 |

20இலிருந்து 45 போகாது. அதனால் மணித்தியாலப் பக்கம் ஒன்று கடன் வாங்குகிறோம். அந்த ஒன்று இந்தப் பக்கம் வரும்போது 60 நிமிடமாகிறது: 60 + 20 = 80. போன தடவை பலர் 100 கடன் வாங்கி 3 மணித்தியாலம் 75 நிமிடம் என்று எழுதியிருந்தீர்கள். 75 நிமிடத்துக்குள் ஒரு மணித்தியாலம் ஒளிந்திருப்பதைப் பார்த்தாலே பிழை தெரிந்திருக்கும்.

இன்னொன்று. ஒன்றரை மணித்தியாலம் என்றால் 90 நிமிடம். 150 அல்ல, 130உம் அல்ல.

பயிற்சி

16. 2 மணித்தியாலம் 15 நிமிடம் எத்தனை நிமிடம்?
17. 200 செக்கனை நிமிடம், செக்கனில் எழுதுங்கள்.
18. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகிறது. மொத்தம் எத்தனை நிமிடம்?
19. அக்கா காலை 6.50க்கு வீட்டிலிருந்து நடக்கத் தொடங்கினார். பாதைச் சந்திக்கு வர 35 நிமிடம். பஸ் வர 20 நிமிடம் காத்திருந்தார். பஸ்ஸில் 40 நிமிடம். ஹட்டனில் எத்தனை மணிக்கு இறங்கினார்?
20. 2028 நெட்டாண்டு. அந்த ஆண்டின் பெப்ரவரி மாதத்தைக் கிழமை, நாளில் எழுதுங்கள்.
21. சாதாரண ஆண்டு ஒன்றில் ஜனவரி 14இலிருந்து ஏப்ரல் 14 வரை எத்தனை நாள் கடக்கும்? அதைக் கிழமை, நாளில் எழுதுங்கள்.
22. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அதிலிருந்து 2017 வரை எத்தனை நூற்றாண்டு, எத்தனை தசாப்தம்?

விடைகள் (வீட்டில் திருத்தும் அண்ணா, அக்காவுக்கு. பிள்ளை செய்து முடிக்கும்வரை இந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். விடை சரியாக இருந்தும் செய்கை இல்லையென்றால் சரி போட வேண்டாம்.)

1) 435 சென்ரிமீற்றர். 2) 2 கிலோமீற்றர் 524 மீற்றர், 2 கிலோமீற்றர் 243 மீற்றர், பிதுருதலாகல 281 மீற்றர் கூடியது. 3) 9100 சென்ரிமீற்றர். 4) 8 மீற்றர் 65 சென்ரிமீற்றர். 5) 8 சென்ரிமீற்றர் 5 மில்லிமீற்றர். 6) 4 கிலோமீற்றர் 800 மீற்றர். 7) 3050 கிராம். 8) 7 கிலோகிராம் 8 கிராம். 9) 20 கிலோகிராம் 500 கிராம். 10) 500 பைகள். 11) 3 மெற்றிக் தொன். 12) அரைவாசி. 13) 2075 மில்லிலீற்றர். 14) 3 லீற்றர். 15) 30 கோப்பை. 16) 135 நிமிடம். 17) 3 நிமிடம் 20 செக்கன். 18) 360 நிமிடம். 19) காலை 8.25. 20) 4 கிழமை 1 நாள். 21) 90 நாள், 12 கிழமை 6 நாள். 22) 1 நூற்றாண்டு 5 தசாப்தம்.

7, 16 இரண்டில் ஒன்றாவது பிழைத்த பிள்ளைகள் திங்கட்கிழமை இடைவேளைக்கு என் மேசைக்கு வாருங்கள். அடிமட்டமும் தராசும் எடுத்து வைக்கிறேன்.