எக்ஸாமினர் ரிப்போர்ட் ரெண்டுக்கும் பாயிண்ட் பாயிண்டா என் பதில்

மேடம், வணக்கம். நீங்க சொன்ன மாதிரி முதல்ல பேச்சு வழக்குலயே எல்லா பாயிண்ட்டுக்கும் பதில் எழுதிட்டேன், நீங்க பாத்து ஓகே சொன்னதும் யூனிவர்சிட்டி ஃபார்மட்ல மாத்தி கையெழுத்து போட்டு தரேன். தீசிஸ் தலைப்பு அதேதான், தாது வருஷப் பஞ்சமும் சேலம் மாவட்டமும், 1876-78. பக்க எண் எல்லாமே திருத்தின காப்பில இருக்கிறது. மாத்தின இடத்தை எல்லாம் மஞ்சள்ல குறிச்சிருக்கேன். எதை ஏத்துக்கிட்டேன், எதை ஏத்துக்கலன்னு ஒவ்வொண்ணுலயும் நேரா சொல்லியிருக்கேன்.

முதல் எக்ஸாமினர்

கருத்து 1: "சேலம் மாவட்டத்துல பஞ்சத்துல 3.67 லட்சம் பேர் செத்தாங்கன்னு எழுதினதுக்கு ஆதாரம் இல்ல."

முழுசா ஏத்துக்கிறேன். 1871 சென்சஸ்ல 19,66,995 பேர், 1881-ல 15,99,595 பேர், வித்தியாசம் 3,67,400, அதாவது 18.7 சதவீதம். நான் இந்த வித்தியாசத்தை அப்படியே சாவு எண்ணிக்கையா எழுதிட்டேன், அது தப்பு. அந்த பத்து வருஷத்துல சிலோன் காப்பித் தோட்டத்துக்கும் மத்த ஊர்களுக்கும் போனவங்க இருக்காங்க, பஞ்ச காலத்துல பிறப்பு குறைஞ்சது இருக்கு, பஞ்சம் முடிஞ்சு 1881 வரைக்கும் பிறந்த குழந்தைங்க இன்னொரு பக்கம் கணக்கை ஏத்துறாங்க, இது போக 1871 கணக்கெடுப்பே எவ்வளவு சரியா நடந்துச்சுன்னு ஒரு கேள்வி இருக்கு. இப்போ "மக்கள்தொகை இழப்பு"ன்னு மட்டும் சொல்றேன், செத்தவங்க எத்தனை பேர்னு தனியா ஒரு எண் கொடுக்கல. கிராமத்து மரணப் பதிவையும் நம்பி எண் சொல்ல முடியாது, ஏன்னா பதிவு பண்ண வேண்டிய ஆளுங்களே ஊரை விட்டு போயிட்ட காலம் அது. பக்கம் 88-94 புதுசா எழுதினது, முடிவுரையில ரெண்டு இடம், சுருக்கத்துல ஒரு இடமும் மாத்தியாச்சு.

கருத்து 2: "பசலி ஆண்டை ஆங்கில ஆண்டா மாத்தினதுல பிழை இருக்கு, அட்டவணை 3.4 பாக்கவும்."

இந்த ஒரு கருத்துக்காகவே அவங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லணும் மேடம். பசலிங்கிறது நிலவரிக் கணக்கு வருஷம், அதுல 1286-ங்கிறது 1876 ஜூலை 1-ல ஆரம்பிச்சு 1877 ஜூன் 30-ல முடியுது. நான் எல்லா இடத்துலயும் 591 கூட்டி 1286-ஐ மொத்தமா 1877-னு போட்டுட்டேன், அதனால 1876 கடைசியில வடகிழக்கு பருவமழை பொய்ச்சப்போ கொடுத்த நிலவரித் தள்ளுபடி எல்லாம் அடுத்த வருஷத்துக்கு போயிடுச்சு. அட்டவணையோட நின்னிருந்தா பரவாயில்ல, அதை வெச்சு நான் "தள்ளுபடி ஒரு வருஷம் தாமதமா வந்துச்சு"ன்னு ஒரு வாதமே கட்டியிருந்தேன். அந்த வாதம் இப்போ நிக்காது, எடுத்துட்டேன். எக்மோர் ஆவணக் காப்பகத்துல எடுத்த என் நோட்டை திருப்பி பாத்து 41 பதிவையும் ஒவ்வொண்ணா சரி பண்ணினேன், பசலி ஆண்டும் ஆங்கில ஆண்டும் பக்கத்து பக்கத்துல வர்ற மாதிரி அட்டவணையை மாத்திட்டேன், இனிமே படிக்கிறவங்களே சரிபாத்துக்கலாம். பக்கம் 121-128.

கருத்து 3: "டெம்பிள் கூலி பஞ்சம் முடியுற வரைக்கும் அமல்ல இருந்ததா எழுதப்பட்டிருக்கு."

ஏத்துக்கிறேன். ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில பஞ்சப் பிரதிநிதியா வந்தப்புறம் நிவாரண வேலையில ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும்னு குறைச்சாங்க, அது சரி. ஆனா மெட்ராஸ் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உழைக்கிற உடம்புக்கு போதாது, குறைஞ்சது ஒன்றரை பவுண்டு வேணும்னு விடாம எழுதினதுல, மார்ச் மாசம் மெட்ராஸ் அரசாங்கம் ஒன்னேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும்னு உயர்த்துச்சு. நான் இந்த ரெண்டாவது பாதியை விட்டுட்டேன். இப்போ ஜனவரி, மார்ச் ரெண்டையும் தனித்தனியா எழுதி, கார்னிஷ் சொன்னதுக்கும் கடைசியில கொடுத்ததுக்கும் நடுவுல இருந்த இடைவெளியையும் காட்டியிருக்கேன். என்னோட விமர்சனம் இதனால பலவீனம் ஆகலன்னுதான் நினைக்கிறேன், உயர்த்தினதுக்கு அப்புறமும் கார்னிஷ் கேட்ட அளவு வரல. பக்கம் 156-161.

கருத்து 4: மூணு தகவல் பிழை.

மூணுமே சரி. டெம்பிளை ஒரு இடத்துல மெட்ராஸ் கவர்னர்னு எழுதிட்டேன், கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. நிவாரணத் தொழிலாளிங்க கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ன போராட்டத்தை சேலத்துல நடந்த மாதிரி எழுதியிருந்தேன், அது பம்பாய் மாகாணம், ஒப்பீட்டுக்கு மட்டும் வெச்சுக்கிட்டேன். பஞ்ச விதித்தொகுப்பு 1880-னு போட்டிருந்தேன், 1880-ல வந்தது பஞ்ச கமிஷன் அறிக்கை, தொகுப்பு வந்தது 1883. பக்கம் 52, 163, 270.

கருத்து 5: "வாய்மொழிப் பாடல்கள் 140 வருஷம் கழிச்சு பதிவு செஞ்சவை. ஆதாரமா ஏத்துக்க முடியாது. அஞ்சாவது இயலை நீக்கவும், இல்லாட்டி பின்னிணைப்புக்கு மாத்தவும்."

மேடம், இதுல பாதியை ஏத்துக்கிறேன், இயலை நீக்குறதை மட்டும் ஏத்துக்க முடியல. காரணத்தை விரிவா எழுதுறேன்.

முதல்ல ஏத்துக்கிறது. தாது அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பேரு, 1876-77க்கு அப்புறம் 1936-37லயும் தாது வருஷம்தான், அதை நான் யோசிக்கவே இல்ல. அதோட நான் பதிவு பண்ணின 23 பாட்டுல தாது வருஷம்னு பேர் சொல்லி பாடுறது 11 தான். மிச்சம் 12 பாட்டுல பஞ்சம்னு மட்டும் வருது, அது 1866-ஆ இருக்கலாம், 1890கள்ல வந்ததா இருக்கலாம், எதுவா வேணாலும் இருக்கலாம். அந்த 12 பாட்டையும் இயல்ல இருந்து எடுத்து பின்னிணைப்புல வெச்சுட்டேன். மிச்சம் 11-லயும் எத்தனை பேர் செத்தாங்க, என்ன விலை வித்துச்சுங்கிற மாதிரி விஷயத்துக்கு பாட்டை ஆதாரமா காட்டின இடங்களை (மொத்தம் 9) நீக்கிட்டேன். 1936-37-ல மாகாணத்துல இந்த அளவு பெரும் பஞ்சம் இல்ல, அதனால இந்த 11-ம் 1876-ஐத்தான் சொல்லுதுன்னு எடுத்துக்கிறதுக்கு நியாயம் இருக்கு, அதையும் காரணத்தோட எழுதியிருக்கேன்.

இப்போ ஏத்துக்காதது. பஞ்சத்தைப் பத்தி நம்மகிட்ட இருக்கிற காகிதம் எல்லாம் கஞ்சி ஊத்தினவங்களும் கூலி கொடுத்தவங்களும் எழுதி வெச்சது. வரிசையில நின்னவங்க எழுதி வெச்சது எதுவும் காப்பகத்துல என் கைக்கு கிடைக்கல. ஓமலூர் பக்கம் ஒரு கிராமத்துல 82 வயசு பாட்டி பாடின பாட்டுல புளியங்கொட்டையை வறுத்து இடிச்சு தின்னதும், பொண்ணு கட்டிக் கொடுத்த வீட்டுக்கு போனா கதவு திறக்காததும் வருது, அவங்க மாமியார் கிட்ட கத்துக்கிட்டதுன்னு சொன்னாங்க. இது 1876-ல அந்த வீட்டுல இப்படித்தான் நடந்துச்சுங்கிறதுக்கு சாட்சி இல்ல, எக்ஸாமினர் சொல்றது அது வரைக்கும் சரி. ஆனா அந்த ஊர் பஞ்சத்தை என்னவா ஞாபகம் வெச்சுக்கிச்சுங்கிறதுக்கு இதை விட நேரான சாட்சி வேற எங்க இருக்கு? அதிகாரிங்க குறிப்புல பஞ்சம்னா மழை, விலை, தலைக்கணக்கு. பாட்டுல பஞ்சம்னா சொந்தக்காரங்க கதவை சாத்தினது. இந்த வித்தியாசம்தான் அந்த இயலே. அதனால இயலோட தலைப்பை "மக்கள் சாட்சியம்"ல இருந்து "பஞ்சத்தின் நினைவு"ன்னு மாத்திட்டேன், பாட்டால எதைச் சொல்ல முடியும் எதைச் சொல்ல முடியாதுன்னு ஆரம்பத்துலயே ஆறு பக்கம் முறையியல் சேர்த்திருக்கேன், பாடினவங்க வயசு, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எப்போ எங்க பதிவு பண்ணினேன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் கொடுத்திருக்கேன். அந்த பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. பதிவு எடுத்தப்பவே சம்மதம் வாங்கியிருக்கேன், படிவம் பின்னிணைப்பு 3-ல. வைவால இதைக் கேட்டாங்கன்னா இதையேதான் சொல்லப் போறேன். பக்கம் 198-240.

ரெண்டாவது எக்ஸாமினர்

கருத்து 1: "வரைபடத்துல இன்றைய சேலம் மாவட்ட எல்லை இருக்கு."

சரி, ஏத்துக்கிறேன். அப்போ சேலம் மாவட்டம்னா இப்போதைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் எல்லாம் சேர்ந்தது. சென்சஸ் எண் பழைய மாவட்டத்துக்கு, வரைபடம் புது மாவட்டத்துக்குன்னு இருந்ததால ரெண்டும் ஒட்டவே இல்ல. நாலு வரைபடத்தையும் பழைய தாலுகா எல்லையோட திரும்ப வரைஞ்சாச்சு.

கருத்து 2: "அமர்த்தியா சென்னோட உரிமை அணுகுமுறையைப் பத்தி விவாதமே இல்ல."

ஏத்துக்கிறேன், இது இல்லாம விட்டது பெரிய குறைதான். ரெண்டாவது இயல்ல ஒன்பது பக்கம் சேர்த்தேன். சென் 1981-ல சொன்னது, பஞ்சம்னா ஊர்ல சாப்பாடு இல்லைங்கிறது மட்டும் இல்ல, இருக்கிற சாப்பாட்டை வாங்குற சக்தி ஆளுக்கு இல்லாம போறது. சேலத்துக்கு இது நல்லாவே பொருந்துது, 1876-க்கு முன்னாடியே சேலம் வழியா ரயில் ஓடிட்டு இருந்துச்சு, தானியம் வந்து சேர வழி இருந்துச்சு. ஆனா நெசவாளி நெய்யுற துணியை வாங்க ஆளு இல்ல, ஏன்னா எல்லாரோட காசும் தானியத்துக்கே போயிடுச்சு, அறுப்பே இல்லாதப்போ கூலிக்காரனுக்கு வேலையும் இல்ல. ஆனா இந்த அணுகுமுறையை முழுசா ஒட்ட வைக்கவும் இல்ல மேடம், 1876-ல மழை நிஜமாவே பொய்ச்சது, கேழ்வரகும் கம்பும் நிஜமாவே விளையல, அதை விட்டுட்டு சந்தையை மட்டும் பேசினா மலையடிவார கிராமங்களோட கதை காணாம போயிடும். ரெண்டையும் எழுதியிருக்கேன். பக்கம் 61-69.

கருத்து 3: "முடிவுரை இன்றைய ரேஷன் திட்டங்களைப் பத்தி பேசுறது ஆய்வோட எல்லைக்கு வெளிய போகுது."

மூணு பக்கத்தை ஒரு பத்தியா சுருக்கிட்டேன்.

கருத்து 4: எழுத்துப்பிழை, மேற்கோள் வடிவம்.

அவங்க கொடுத்த 62 பிழையும் திருத்தியாச்சு, கூடவே நானா கண்டுபிடிச்ச 17-ம். வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளுக்கு எண், தேதி ரெண்டும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வருது இப்போ.

மேடம், அஞ்சாவது கருத்துக்கு நான் எழுதினது மட்டும் கொஞ்சம் அழுத்தமா இருக்கோன்னு யோசனையா இருக்கு. வார்த்தையை மென்மையாக்கணும்னா சொல்லுங்க, மாத்திடுறேன், ஆனா இயல் இருக்கணும் மேடம். வெள்ளிக்கிழமை காலைல 11 மணிக்கு டிபார்ட்மென்ட்ல இருப்பீங்கன்னா பிரிண்ட் எடுத்து, கூடவே பழைய காப்பியும் கொண்டு வரேன், பக்கத்துல வெச்சு பாத்துடலாம்.