13 அடிப் படகில் நடந்த கொலை: அவசியமும் நிர்ப்பந்தமும்

1884 ஜூலை 25. நன்னம்பிக்கை முனையிலிருந்து சுமார் 1600 மைல் தள்ளி, தென் அட்லாண்டிக்கில் 13 அடி நீளமுள்ள ஒரு படகு மிதக்கிறது. அதில் நான்கு பேர். மின்யோனெட் என்ற பாய்க்கப்பலைச் சவுதாம்ப்டனிலிருந்து சிட்னிக்குக் கொண்டுபோகக் கிளம்பியவர்கள். ஜூலை 5 அன்று கப்பல் மூழ்கியது. இறங்கும் அவசரத்தில் கைக்குக் கிடைத்தவை இரண்டு டின் டர்னிப் மட்டும், குடிதண்ணீர் கிடையாது. நான்காம் நாள் ஒரு சின்ன ஆமை அகப்பட்டது. பன்னிரண்டாம் நாள் வாக்கில் அதுவும் தீர்ந்தது. மழை பெய்தால் மேலங்கியை விரித்துப் பிடித்து, கிடைத்ததைக் குடித்தார்கள்.

படகின் அடியில் படுத்துக் கிடந்தவன் ரிச்சர்ட் பார்க்கர். கப்பலில் எடுபிடி வேலைக்கு வந்த பையன், வயது பதினேழு. கடல்நீரைக் குடித்துவிட்டதால் எழுந்து உட்காரக்கூட அவனால் முடியவில்லை. கேப்டன் டாம் டட்லி ஒரு பிரார்த்தனை சொன்னார். நாங்கள் செய்யப்போவதை மன்னித்துவிடு என்று கடவுளிடம் கேட்டார். அப்புறம் பையனிடம் போய், உன் நேரம் வந்துவிட்டது என்று சொல்லி, கழுத்தில் கத்தியை இறக்கினார். துணைக் கேப்டன் எட்வின் ஸ்டீபன்ஸ் சம்மதித்தார். மாலுமி எட்மண்ட் புரூக்ஸ் சம்மதிக்கவில்லை; ஆனால் பிறகு அவரும் சாப்பிட்டார். கொலை நடந்த நான்காம் நாள் ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது.

ஃபால்மவுத் துறைமுகத்தில் இறங்கியதும் மூவரும் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். அதனால்தான் இந்த வழக்கை நூற்று நாற்பது வருஷமாகச் சட்டக் கல்லூரிகளில் விடாமல் படிக்கிறார்கள். என்ன நடந்தது என்பதில் சண்டையே இல்லை. நடந்ததற்குச் சட்டம் என்ன பேர் வைப்பது என்பதில்தான் சண்டை.

ஜூரி தந்த சிறப்புத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். குற்றவாளி, குற்றவாளி இல்லை என்று எதையும் சொல்லாமல் உண்மைகளை மட்டும் அது வரிசைப்படுத்துகிறது. பையனைச் சாப்பிடாமல் இருந்திருந்தால் இவர்கள் அநேகமாகப் பிழைத்திருக்க மாட்டார்கள். பையன் மற்றவர்களுக்கு முன்பே இறந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கப்பல் எதுவும் இல்லை. இதுவரை எல்லாம் டட்லிக்குச் சாதகம். அப்புறம் வருகிறது ஒரு வரி: யாரையாவது கொல்வது அவசியம்தான் என்று வைத்துக்கொண்டாலும், மற்ற மூவரைவிடப் பையனைக் கொல்வதற்குக் கூடுதல் அவசியம் எதுவும் இருக்கவில்லை. என் கணக்கில் வழக்கின் உயிர் இந்த வரியில் இருக்கிறது.

தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட அவசியத்தை யார் அளப்பது? யாருடைய உயிர் எவ்வளவு பெறும் என்று தராசு பிடிப்பது யார்? அதனால் பிழைக்கப்போகிறவனே அளந்தால், அளவு எப்போதும் அவன் பக்கம்தான் சாயும். அந்தப் படகில் அதுதான் நடந்தது. முந்தின நாள் சீட்டுக் குலுக்கலாம் என்று பேச்சு வந்தது, புரூக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பையனிடம் அதைச் சொல்லவே இல்லை. பிறகு டட்லி தங்களுக்குக் குடும்பம் இருப்பதைச் சொல்லி, பையனைக் கொல்வதே நல்லது என்றார். ஆக, பசி ஒருவரைக் கொல்லச் சொன்னது என்றே வைத்துக்கொள்வோம். எவரை என்று அது சொல்லவில்லை. அதை முடிவு செய்தது படகில் இருந்த மேல் கீழ்.

ஆகவே அந்தக் கொலை நியாயம் இல்லை. இவ்வளவு தூரம் நான் கோல்ரிட்ஜ் கட்சி. இங்கிருந்து அவர் ஒரே தாவாகத் தூக்குமேடைக்குப் போனதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு செயல் சரி என்று சொல்வது வேறு. செய்த ஆளின் மேல் முழுப் பழியையும் போட முடியாது என்று சொல்வது வேறு. முதலாவது செயலைப் பற்றியது, இரண்டாவது ஆளைப் பற்றியது. அவசியம் என்ற எதிர்வாதத்துக்குள் இந்த இரண்டும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. பசிக்காகத் திருடுவதையே சட்டம் நியாயப்படுத்தாதபோது கொலையை எப்படி நியாயப்படுத்தும் என்று கோல்ரிட்ஜ் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம் ஊரில் சொல்கிறவர், பறந்தது சரி என்று சொல்லவில்லை. பறக்கும் என்று மட்டுமே சொல்கிறார். மனுஷனைத் தெரிந்து சொன்ன சொல் அது. கோல்ரிட்ஜுக்கும் இது தெரியாமல் இல்லை. நாமே எட்ட முடியாத அளவுகோலைப் பல சமயம் நாமே வைக்க வேண்டியிருக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். எட்ட முடியாது என்று தெரிந்த அளவுகோலை ஒழுக்கத்துக்கு வைக்கலாம். தூக்குத் தண்டனைக்கு எப்படி வைப்பது?

அடுத்து நடந்தது அந்தத் தீர்ப்பின் பலவீனத்தைக் காட்டிவிட்டது. மரண தண்டனை விதித்தார்கள். அரசியின் கருணையால் அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. மரணத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்தச் சட்டக் காரணம் கடந்தது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நீதிமன்றத்துக்கு வெளியே, மூடிய கதவுக்குப் பின்னால் போட்டார்கள். அடுத்த படகில் வருகிறவன் தனக்கு என்ன கிடைக்கும் என்று எதைப் படித்துத் தெரிந்துகொள்வான்?

சரி, படகு அப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். டட்லி கையில் துப்பாக்கி இருக்கிறது. புரூக்ஸின் நெற்றியில் அதை வைத்து, "நீ பையனைக் கொல், இல்லையென்றால் உன்னைச் சுடுவேன்" என்கிறார். புரூக்ஸ் கொன்றுவிடுகிறார். இப்போது எதிர்வாதத்தின் பெயர் அவசியம் இல்லை, நிர்ப்பந்தம். முதல் கதையில் பசி மிரட்டியது, இரண்டாவதில் ஒரு மனுஷன் மிரட்டுகிறான். கத்தி பிடித்த கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சட்டம் நெடுங்காலம் இவற்றை வெவ்வேறாகவே நடத்தியது. ஆள் மிரட்டினால் காது கொடுத்தது, சூழ்நிலை மிரட்டினால் கொடுக்கவில்லை. 1980களில்தான் ஆங்கில நீதிமன்றங்கள் சூழ்நிலையின் நிர்ப்பந்தம் என்ற ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றன, பெரும்பாலும் கார் ஓட்டிய வழக்குகளில். 1989இல் மார்ட்டின் வழக்கு: வாகனம் ஓட்டத் தடை விதிக்கப்பட்ட ஒருவர். வளர்ப்பு மகனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நீ கொண்டுபோய் விடாவிட்டால் நான் செத்துப்போவேன் என்கிறார் மனைவி. அவர் காரை எடுத்தார். இந்த எதிர்வாதத்தை ஜூரி முன் வைத்திருக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

கொலை என்று வந்தால் மட்டும் இரண்டு கதவும் சாத்தப்படுகின்றன. 1975இல் லிஞ்ச் வழக்கில், கொலைக்குத் துணைபோனவருக்கு நிர்ப்பந்த வாதம் உண்டு என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. 1987இல் ஹோவ் வழக்கில் அதே சபை அதைத் திரும்பப் பெற்றது. துணைபோனவருக்கும் இல்லை, தானே கொன்றவருக்கும் இல்லை. அப்பாவியைக் கொல்லச் சொன்னால் தன் உயிரைக் கொடுக்கும் வீரம் சாதாரண மனுஷனுக்கும் உண்டு என்று எதிர்பார்க்கலாம் என்றார் நீதிபதிகளில் ஒருவரான ஹெயில்ஷாம் பிரபு. அந்தத் தீர்ப்புக்கு அடித்தளம் மின்யோனெட் வழக்கு. துப்பாக்கியே இல்லாத படகில் சொன்ன விதி, துப்பாக்கி வைத்தவர்களின் உலகத்துக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது.

இந்தியச் சட்டத்தின் வரிகளே இந்தச் சிக்கலை வெளியே காட்டுகின்றன. நிர்ப்பந்தத்துக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 32. உடனடி மரணத்துக்கு அஞ்சிச் செய்தது குற்றமல்ல, ஆனால் கொலையும் மரண தண்டனைக்குரிய அரசுக்கு எதிரான குற்றங்களும் விலக்கு. அங்கே ஒரு உதாரணம் வரும்: கொள்ளைக்காரர்கள் ஒரு கொல்லரைப் பிடித்து, உயிர்ப் பயம் காட்டி, ஒரு வீட்டின் கதவை உடைக்கச் செய்கிறார்கள். கொல்லருக்கு விலக்கு உண்டு. அவசியத்துக்கான 81ஆம் பிரிவு, இப்போது 19, கொலையை வெளிப்படையாக விலக்கவில்லை. அதன் உதாரணமும் கப்பல்தான்: நிறுத்த முடியாத வேகத்தில் வரும் கேப்டன், இருபது முப்பது பேர் இருக்கும் படகில் மோதாமலிருக்கத் திசையைத் திருப்புகிறார். அதனால் இரண்டு பேர் இருக்கும் படகு மூழ்கும் ஆபத்து வருகிறது. அந்த இருவரைக் கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதால் அவர் தப்புகிறார். பார்க்கரின் சாவு தற்செயலாக வரவில்லை; அவன் செத்தால்தான் அவர்கள் பிழைக்க முடியும். ஆகவே டட்லி இங்கேயும் தப்பியிருக்க மாட்டார். நியாயப்படுத்தும் வாதம் நிற்க வேண்டிய எல்லை அது என்று நானும் நினைக்கிறேன்.

செயல் தவறு என்றாலும் ஆளைப் பொறுத்துக்கொள்ளும் வாதத்துக்கு அந்த எல்லை எதற்கு? கதவைத் திறந்துவிட்டால் ரவுடிக் கும்பல்கள் அடியாள்களுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடும் என்பது வழக்கமான பதில். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய பயம் இல்லை. ஆனால் தானாகவே அந்தக் கும்பலில் போய்ச் சேர்ந்தவனுக்கு வாதம் கிடையாது என்று 2005இல் ஹசன் வழக்கில் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. பயத்துக்கு வேலி போட வழி இருக்கும்போது, கதவையே செங்கல் வைத்து அடைக்க வேண்டியதில்லை.

ஜெர்மன் தண்டனைச் சட்டம் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. 34ஆம் பிரிவு செயலை நியாயப்படுத்தும், 35 ஆளைப் பொறுத்துக்கொள்ளும். உயிருக்கு வந்த ஆபத்தில் செய்த தவறான செயலையும் 35 பொறுத்துக்கொள்ளும்; ஆனால் ஆபத்தைத் தாங்க வேண்டிய தனிக்கடமை உள்ளவருக்கு அது கிடைக்காமல் போகலாம். இந்தப் பிரிவை அந்தப் படகில் வைத்துப் பாருங்கள், மூன்று பேரும் மூன்று ஆள்களாகத் தெரிவார்கள். டட்லி கேப்டன், பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர் அவர். ஸ்டீபன்ஸ் சம்மதம் மட்டும் சொன்னவர். புரூக்ஸ் மாட்டேன் என்றவர். கோல்ரிட்ஜின் தீர்ப்பில் முதல் இருவருக்கும் ஒரே குற்றம், ஒரே தண்டனை. மூன்றாமவர் அரசுத் தரப்புச் சாட்சி.

இதற்கு முன்பே வேறொரு படகு இருந்தது. 1841இல் வில்லியம் பிரவுன் என்ற கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நிரம்பி வழிந்த படகிலிருந்து மாலுமிகள் பயணிகளைக் கடலில் தள்ளினார்கள். 1842இல் பிலடெல்பியாவில் ஹோம்ஸ் என்ற மாலுமியை, கொலைக்காக இல்லாமல், அதற்குக் கீழான மனித உயிர்ப்பறிப்புக் குற்றத்துக்காக விசாரித்தார்கள். பயணிகளைக் காப்பது மாலுமியின் கடமை, தேவைக்கு மேல் இருக்கும் மாலுமிகள் பயணிகளுக்கு முன்னால் தங்களைக் காத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் விளக்கியது. தண்டனை ஆறு மாதம், இருபது டாலர் அபராதம்.

டட்லிக்குக் கிடைத்ததும் அதே ஆறு மாதம்தான். பிலடெல்பியாவில் அதைக் காரணத்தோடு, எல்லோர் காதிலும் விழும்படி நீதிமன்றத்தில் சொன்னார்கள். லண்டனில் முதலில் மரணம் என்று சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள். என்னைக் கேட்டால் டட்லிக்கு அந்த ஆறு மாதம் குறைவு. கேப்டனான அவர் சீட்டுக் குலுக்காமல், பையனிடம் கேட்காமல், தன்னைக் கணக்கில் சேர்க்காமல் தேர்ந்தெடுத்தார். கொலைக்குக் கீழான குற்றத்தில், சில வருஷம் சிறை. ஸ்டீபன்ஸுக்கு அதைவிடக் குறைவு. துப்பாக்கி முனையில் நிற்கும் என் கற்பனைப் புரூக்ஸுக்கு விடுதலை. அவர் செய்தது தவறு என்று தீர்ப்பில் எழுதிவிட்டு, விடுதலை.

ஜூரி எழுதிய உண்மைகளில் இன்னொன்றும் உண்டு: தன்னைக் கொல்வதற்குப் பையன் ஒருபோதும் சம்மதிக்கவில்லை.