எதிர் வரிசை: ஐந்து நிமிடக் குறும்படத்தின் மூன்று அங்கக் கட்டமைப்பு

ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, நடிகர்கள் இருவர் என எல்லாரும் இதைப் படித்துவிட்டு ஒத்திகைக்கு வரவும். வசனம் முழுமையாக இல்லை. மாற்றவே கூடாத வரிகளை மட்டும் எழுதியிருக்கிறேன். மற்றதை ஒத்திகையில் பேசிப் பார்த்து முடிவு செய்வோம்.

கதை: முருகையனுக்கு 71 வயது, டாக்சி ஓட்டுகிறார். கண்புரை முற்றிவிட்டது. மகள் தேன்மொழிக்கு 38 வயது. அப்பா இரவு ஓட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் டாக்சியின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அவருக்கு ஏழே முக்கால் புக்கிங்கைப் பிடிக்க வேண்டும். அவளுக்கு இன்றைக்கு அந்த வண்டி நகரக் கூடாது.

இடம்: சிங்கப்பூர் ஈசூனில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் ஒரு பல மாடிக் கார் நிறுத்துமிடம், நான்காம் தளம். கேமரா முழுப் படத்திலும் டாக்சிக்குள்ளேயே இருக்கும். தேன்மொழி இறங்கினாலும் நாம் அவளோடு இறங்கப் போவதில்லை.

கதையின் நேரமும் படத்தின் நேரமும் ஒன்றுதான். டாஷ்போர்டு கடிகாரம் 7:41-இல் தொடங்கி 7:46-இல் முடியும். முதல் ஷாட்டிலும் கடைசி ஷாட்டிலும் மட்டும் அது தெரிந்தால் போதும். நடுவில் தெரிந்தால் எந்த இரண்டு டேக்கையும் ஒட்ட முடியாது.

முதல் அங்கம் (0:00 – 1:05)

கருந்திரையில் பின் கதவு திறந்து மூடும் சத்தம். முருகையன் பின்பார்வைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்கிறார். தேன்மொழி சிரிக்கிறாள், அவரும் சேர்ந்து சிரிக்கிறார். பார்ப்பவர்களுக்கு இது அப்பாவின் கிண்டலாகத்தான் தோன்ற வேண்டும். மகளை அடையாளம் தெரியாமல்தான் கேட்டார் என்பது மூன்றரை நிமிடம் கழித்துப் புரிந்தால் போதும். அதனால் நடிப்பில் எந்தக் குறிப்பும் வேண்டாம். சிரிப்பு மட்டும் அரை நொடி தாமதமாக வரட்டும்.

அவள் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்த கோப்பியை முன்னால் நீட்டுகிறாள். அவர் கை கயிற்றை ஒரு விரல்கடை தவறவிட்டு, அப்புறம் பிடிக்கிறது. இதற்குக் க்ளோசப் கிடையாது. வாங்கியவர் வெளியே பார்த்துச் சலித்துக்கொள்கிறார்: "4471 இன்னைக்கும் கோட்டைத் தாண்டி நிறுத்தியிருக்கான் பாரு." அந்தக் காரை நாம் காட்டுவதில்லை. எண் மட்டும் காதில் விழ வேண்டும்.

பிறகு கடிதம். கண் மருத்துவரைப் பார்க்கும் தேதியை அவர் ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருக்கிறார், இது மூன்றாவது. தேன்மொழி அதைக் கண்ணாடியில் தெரியும்படி தூக்கிப் பிடிக்கிறாள். "அதான் படிச்சேனே" என்கிறார் அவர். அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறாள். மாட்டும் 'கிளிக்' சத்தத்தோடு முதல் அங்கம் முடிகிறது.

இரண்டாம் அங்கம் (1:05 – 3:50)

படத்தின் கனமே இங்கேதான்.

முதலில் சாக்குகள். இரவில் எதிரே வரும் விளக்குதான் கூசுகிறது, பகலில் ஒன்றுமில்லை என்கிறார். 75 வயதுவரை டாக்சி ஓட்டலாம், இன்னும் நாலு வருஷம் இருக்கிறது என்கிறார். இதை வேகமாக, ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுகிற மாதிரி, நாற்பது நொடிக்குள் முடித்துவிட வேண்டும். இருவரும் கண்ணாடி வழியாக மட்டுமே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இந்த அங்கம் முழுக்க முருகையன் திரும்பக் கூடாது.

அப்புறம் உண்மையான காரணம். "அறுவை பண்ணா எத்தனை நாள் வீட்ல இருக்கணும்? வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். வண்டியத் திருப்பிக் கொடுத்துட்டா, இந்த வயசுல எனக்கு மறுபடி யாரு கொடுப்பா?" அவர் பிடிவாதக்காரர் அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்தவர். இதற்குத் தேன்மொழியிடம் பதில் இல்லை. இருப்பதுபோல முகம் காட்டவும் வேண்டாம். அவள் பக்கம் முழு நியாயமும் இருந்துவிட்டால் படம் சுகாதாரப் பிரசாரமாகிவிடும்.

2:30-க்குச் சோதனை. "சரி. எதிர் வரிசையில கடைசியா நிக்குதே, அந்தக் கார் நம்பரப் படிங்க. நான் இறங்கிப் போயிடறேன்." அவர் உடனே, குனிந்துகூடப் பார்க்காமல்: "4471. வெள்ளை டொயோட்டா. போதுமா?"

இப்போது தேன்மொழியின் பார்வையில், முன் கண்ணாடிக்கு அப்பால், நீண்ட லென்ஸில் அந்தக் கார். சில்வர் நிறம். எண் 8206. படம் முழுவதிலும் டாக்சிக்கு வெளியே உள்ள ஒன்றைத் தெளிவாகக் காட்டும் ஒரே ஷாட் இதுதான். ஆறு நொடி நிற்கட்டும். முருகையனின் பார்வையில் மங்கலாக ஒரு ஷாட் எடுக்கலாமே என்று கேட்டார்கள். வேண்டாம். அவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவர் நினைவிலிருந்து சொன்ன அந்த எண்ணே சொல்லிவிட்டது.

அடுத்து தேன்மொழியின் முகம், பன்னிரண்டு நொடி, வெட்டு இல்லாமல். "சரிதான்ப்பா" என்று சொல்லிவிட்டால் அவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போவார். பார்ப்பவருக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. படத்தொகுப்பில் நேரம் மிஞ்சினால் வேறு எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள், இந்தப் பன்னிரண்டு நொடியில் கை வைக்க வேண்டாம்.

அவள் மௌனத்தைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு அவர் எஞ்சினை இயக்குகிறார். கைப்பேசியில் புக்கிங் ஒலி. விரல் திரையை நோக்கிப் போகும்போது: "அது 4471 இல்லப்பா."

மூன்றாம் அங்கம் (3:50 – 4:50)

முருகையன் வாதாடவில்லை. துணியை எடுத்து முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைக்கிறார். சாய்ந்து பார்க்கிறார். "வெள்ளைதானே?" "சில்வர்." புக்கிங் ஒலி தொடர்கிறது. அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது தானாக நின்றுபோகும்வரை கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருக்கிறார். அவர் எடுக்கும் முடிவு அதுதான். அதற்குமேல் வசனம் வேண்டாம்.

எஞ்சின் அணைகிறது. பின் கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம், முன் இடது கதவு. தேன்மொழி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். முதல் முறையாக இருவரும் ஒரே ஷாட்டில், கண்ணாடி இல்லாமல். அவள் கடிதத்தை நீட்டுகிறாள். அவர் வாங்கி, விரித்து, சற்று நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.

"நீ படி."

அவள் படிக்கிறாள்: "வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது." கடிகாரம் 7:46. கருந்திரை. பெயர்கள் பத்து நொடி.

வாடகைக்கு என்ன வழி, வண்டி திரும்பக் கிடைக்குமா என்பதற்கெல்லாம் படம் பதில் சொல்லாது. ஒத்திகையில் யாருக்காவது "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்று சொல்லத் தோன்றினால் அடக்கிக்கொள்ளவும்.

படப்பிடிப்புக்கு

மூன்றாவது குரல் எங்கும் கேட்கக் கூடாது. கைப்பேசியில் ஒலி மட்டும்தான், ஆள் பேசுவதில்லை. டாக்சி நிறுவனத்தின் பெயர் எந்த ஷாட்டிலும் தெரியக் கூடாது. 8206 நம் குழுவில் ஒருவருடைய கார். பக்கத்தில் நிற்கும் மற்ற கார்களின் எண்கள் ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்துக்கான அனுமதியை வீவகவிடம் கேட்க வேண்டும்.

இங்கே ஏழேகாலுக்குமேல் வானம் சட்டென்று இருட்டிவிடும். அதனால் எட்டு மணிக்குமேல் தொடங்கி எல்லா ஷாட்டையும் முழு இருட்டில் எடுப்போம். 7:41 என்று கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் போதும். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதால் எஞ்சின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கிறோம். ஏர்கான் இருக்காது, சன்னல்களும் மூடியிருக்கும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் நான்கு கதவுகளையும் திறந்து வையுங்கள். நடிகர்களுக்குத் துண்டும் தண்ணீரும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.