பயிற்சி 6, தேடல் மரம்: மூன்றாவது சமர்ப்பிப்புக்கான குறிப்பு

கவின்,

நீ மூன்றாவது முறை அனுப்பியதையும் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு டெஸ்ட்டில் ஒன்பது பாஸ். 9, 10, 12 மூன்றும் டைம் அவுட். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உன் கோடு எங்கேயும் தப்பான விடை தரவில்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள நோடை நீக்கும் இடத்தில்தான் வகுப்பில் நிறைய பேர் சறுக்கினார்கள். நீ வலப்பக்கத்தின் மிகச் சிறிய மதிப்பை மேலே ஏற்றி, அது இருந்த பழைய இடத்தையும் ஒழுங்காக அவிழ்த்துவிட்டிருக்கிறாய். அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

சிக்கல் வேகத்தில். அதைச் சரிசெய்ய நீ எங்கே கை வைத்தாய் என்பதையும் கவனித்தேன். இரண்டாவது சமர்ப்பிப்பில் ரிகர்ஷனை எடுத்துவிட்டு லூப் போட்டாய், மூன்றாவதில் `cin` போய் `scanf` வந்தது. இரண்டுமே கொஞ்சம் மிச்சப்படுத்தும், ஆனால் நோய் அங்கே இல்லை. துப்பு ரிசல்ட் பக்கத்திலேயே கிடக்கிறது. டெஸ்ட் 9இலும் 2,00,000 எண்கள், டெஸ்ட் 11இலும் 2,00,000 எண்கள். 11 அரை நொடிகூட எடுக்கவில்லை, 9 மட்டும் இரண்டு நொடி வரம்பைத் தாண்டுகிறது. அளவு ஒன்றேதான், எண்கள் வரும் வரிசைதான் வேறு. 11இல் கலைந்து வருகின்றன, 9இல் ஏறுவரிசையில் வருகின்றன, 10இல் இறங்குவரிசையில்.

இப்போது உன் லூப்பைப் பார்:

```cpp
while (cur) {
    par = cur;
    cur = (key < cur->key) ? cur->left : cur->right;
}
```

இதில் 40, 20, 60, 10, 30, 50, 70 என்று போட்டால் மூன்று அடுக்கில் அழகான மரம் வரும். அதே ஏழு எண்களை 10, 20, 30 என்று வரிசையாகப் போட்டுப் பேப்பரில் வரைந்து பார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது என்பதால் வலப்பக்கமே போய் ஒட்டிக்கொள்ளும். இடப்பக்கம் ஒரு நோடுகூட இருக்காது. அதை மரம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் அது லிங்க்டு லிஸ்ட். முதல் வரிசையில் மொத்த ஒப்பீடுகள் 10, இரண்டாவதில் 21.

ஏழு எண்களுக்கு இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்காது. ஆனால் வரிசையான உள்ளீட்டில் k-ஆவது எண் தன் இடத்தை அடைய முன்னால் வந்த k−1 நோடுகளையும் தாண்டியாக வேண்டும். மொத்தம் n(n−1)/2. ஆயிரம் எண்களுக்கு 4,99,500. இரண்டாயிரத்துக்கு 19,99,000. நாலாயிரத்துக்கு 79,98,000. உள்ளீடு இரட்டிப்பாகும்போதெல்லாம் வேலை நாலு மடங்காகிறது. 2,00,000க்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2,000 கோடி. ஒரு ஒப்பீட்டுக்கு ஒரு நானோநொடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 20 நொடி ஆகும். அதுவும் ஒவ்வொரு அடியிலும் பாயின்டரைப் பிடித்துக்கொண்டு மெமரியில் வேறு எங்கோ தாவுகிறாய், நிஜத்தில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். `scanf` இதில் என்ன செய்ய முடியும், பாவம்.

உன் சொந்த டெஸ்ட்கள் ஏன் இதைக் காட்டவில்லை? இருபது முப்பது எண்களைக் கையால் டைப் செய்திருக்கிறாய். கையால் டைப் செய்யும்போது நாம் எல்லோருமே அறியாமலே கலைத்துத்தான் போடுகிறோம்.

உடனே தோன்றக்கூடிய குறுக்கு வழி, எல்லாவற்றையும் படித்துக் கலைத்துவிட்டு மரத்தில் போடுவது. இந்தப் பயிற்சியில் அது செல்லாது: சேர்ப்பதும் தேடுவதும் மாறி மாறி வருகின்றன, அடுத்து வரும் எண் உனக்கு முன்கூட்டித் தெரியாது. உள்ளீடு வரிசையாக இருக்கிறதா என்று `if` போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்றும் நினைக்காதே. டெஸ்ட் 12 அதற்காகவே வைத்தது: 1, 200000, 2, 199999, 3, 199998 என்று போகும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது வரிசையாக இல்லை. ஆனாலும் உன் மரத்தில் அது வலம், இடம், வலம், இடம் என்று வளைந்து வளைந்து ஒரே சங்கிலியாகத்தான் இறங்கும்.

ஆகவே மரம் தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ட்ரீப் எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன், கோடு சின்னது. ஆனால் உனக்கு ஏவிஎல் மரத்தைச் சொல்வேன். 1962இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் கொடுத்தது, உன் கோடிலிருந்து அதற்குப் போக அதிக தூரமில்லை. ஒவ்வொரு நோடிலும் உயரத்தை வைத்துக்கொள். சேர்த்துவிட்டுத் திரும்பி மேலே வரும்போது இடது வலது உயர வித்தியாசம் 2 ஆகிவிட்டால் சுழற்று.

```cpp
Node* rotateLeft(Node* x) {
    Node* y = x->right;
    x->right = y->left;
    y->left = x;
    update(x);
    update(y);
    return y;
}
```

இதில் `update` இரண்டின் வரிசை முக்கியம். சுழற்றியபின் x கீழே போய்விட்டது, y அதற்கு மேலே. கீழே உள்ளதன் உயரம் சரியானால்தான் மேலே உள்ளதைக் கணக்கிட முடியும். மாற்றிப் போட்டால் விடைகள் சரியாகவே வரும், மரம் மட்டும் சத்தமில்லாமல் சாயும். முதன்முதலில் இதை எழுதியபோது நானே ஒரு முழு மாலையை இதில் தொலைத்திருக்கிறேன். அப்புறம், திரும்பி வரும் y-ஐ மேலே உள்ளவரிடம் ஒப்படைக்க மறக்காதே: `p->left = insert(p->left, key)` என்ற வடிவில்.

அதாவது ரிகர்ஷனுக்கே திரும்பலாம். அது ஆழமாகப் போய்விடும் என்று பயந்துதான் எடுத்தாய் என்று நினைக்கிறேன். உன் பழைய மரத்தில் அது நியாயமான பயம்தான். ஏவிஎல்லில் 2,00,000 நோடுகள் இருந்தாலும் 25 அடுக்குகளைத் தாண்டாது.

இன்னொன்று. சமமான எண்களை நீ வலப்பக்கம் அனுப்புகிறாய். சுழற்றாதவரை அது பரவாயில்லை. x-உம் y-உம் சம மதிப்பாக இருந்து மேலே உள்ளபடி சுழற்றினால் x இடப்பக்கம் போய்விடும், பிறகு எத்தனை முறை வந்தது என்று எண்ணும் உன் ஃபங்ஷன் வலப்பக்கம் மட்டும் தேடிக் குறைவாகச் சொல்லும். நோடுக்குள் `count` என்று ஒன்றை வைத்து அதைக் கூட்டிக்கொண்டு போ. நீக்கும்போது `count` ஒன்றுக்கு மேல் இருந்தால் குறைத்தால் போதும்.

நீக்குவதிலும் சமன்படுத்த வேண்டும். சேர்க்கும்போது ஓர் இடத்தில் சரிசெய்தாலே மரம் ஒழுங்காகிவிடும். நீக்கும்போது வேர் வரைக்கும் ஒவ்வொரு நோடையும் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

எழுதி முடித்ததும் முதலில் 10 முதல் 70 வரை ஏழு எண்களை ஏறுவரிசையில் போட்டு வேரையும் உயரத்தையும் அச்சிடு. வேரில் 40, உயரம் 3 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் பெரிய உள்ளீட்டுக்குப் போகாதே. வந்தபின் 1 முதல் 2,00,000 வரை ஒரு லூப்பில் போட்டு உயரத்தைப் பார்.

இப்போதைக்கு 20க்கு 14. வெள்ளிக்கிழமை இரவுக்குள் திரும்ப அனுப்பினால் மூன்று டெஸ்ட்டுக்கும் உரிய ஆறு மதிப்பெண்ணும் உண்டு, தாமதக் கழிவு கிடையாது. இரட்டைச் சுழற்சியில் சிக்கினால் புதன்கிழமை லேபுக்கு வா. வரும்போது மரத்தைப் பேப்பரில் வரைந்து கொண்டுவா, கோடு அப்புறம் பார்க்கலாம்.