ஏஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ்: பொங்கலுக்கு அவர் வரும்போது கேட்க வேண்டியது

வணக்கம். நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன், அப்புறம்தான் டாரட் கார்டு எடுத்தேன். மூன்று வருடப் பழக்கம், அவர் புனேவுக்கு மாறிப் போய் ஒரு வருடம் ஆகிறது, தினமும் ராத்திரி போன் வருகிறது, மெஸ் சாப்பாடு, மேனேஜர், மழை என்று எல்லாம் பேசுகிறீர்கள், கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் ‘இந்த ப்ராஜெக்ட் முடியட்டும், பார்க்கலாம்’ என்று முடித்துவிடுகிறார். பொங்கலுக்குத் திருச்சி வரும்போது நேரிலேயே கேட்டுவிடலாமா, கேட்டால் எப்படிக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. கூடவே அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கார்டில் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எடுக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் மனதை எட்டிப் பார்ப்பது என் வழக்கமில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் ஏதாவது சொல்லிவிட்டால் நீங்கள் அதையே பதிலாக வைத்துக்கொண்டு அவரிடம் கேட்காமலே இருந்துவிடுவீர்கள்.

வந்த கார்டுகள் இவை: இப்போதைய நிலைமைக்கு டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், தடைக்கு செவன் ஆஃப் கப்ஸ், ஆலோசனைக்கு ஏஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். மூன்றும் நேராகவே விழுந்தன. டெக் 1909ல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் ஸ்மித், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. படத்தைப் பார்த்தால்தான் நான் சொல்வது புரியும், அனுப்பியிருக்கும் போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கார்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கே தெரிந்த விஷயம்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு, மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண். கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்பது ஒரு வாள், கேட்காமல் விட்டால் இப்படியே இன்னும் இரண்டு வருடம் ஓடிவிடுமோ என்பது இன்னொன்று. எதையாவது கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

செவன் ஆஃப் கப்ஸ் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. மேகத்துக்குள் ஏழு கிண்ணங்கள், ஒன்றில் கோட்டை, ஒன்றில் நகைகள், ஒன்றில் பாம்பு, எதிரே ஒரு ஆள் வாய்பிளந்து பார்க்கிற மாதிரி நிற்கிறார். உங்கள் மெசேஜைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அவர் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாரோ, தங்கை கல்யாணம் முடியக் காத்திருக்கிறாரோ, வீட்டு லோன் பயமோ, புனேவில் வேறு யாரையாவது பிடித்துவிட்டதோ, இல்லை ஆன்சைட் போகப் போகிறாரோ என்று அடுக்கியிருக்கிறீர்கள். இதில் ஒன்றைக்கூட அவர் வாயால் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. எல்லாம் மேகத்தில் இருக்கிற கிண்ணம். இதில் எது சரி என்று நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது, அது உங்கள் தலைக்குள் இல்லை, அவரிடம் இருக்கிறது.

இனி ஏஸ். படத்தில் ஆள் முகமே கிடையாது. மேகத்திலிருந்து ஒரு கை நீண்டு, ஒரே ஒரு வாளை நேர்க்குத்தாகப் பிடித்திருக்கிறது. வாள் நுனி ஒரு கிரீடத்துக்குள் நுழைந்து நிற்கிறது, கிரீடத்திலிருந்து ஒரு பக்கம் ஆலிவ் கிளையும் மறுபக்கம் பனை இனத்து ஓலையும் தொங்குகின்றன, பிடியைச் சுற்றி மஞ்சளாக ஒளித்துளிகள் விழுகின்றன. கீழே மொட்டை மலைகள். ஸ்வார்ட்ஸ் காற்றுக்கு உரிய வரிசை, யோசனை, பேச்சு, எழுத்து, சண்டை எல்லாமே இதில்தான் அடங்கும், அந்த வரிசையின் ஆரம்பப் புள்ளி இந்த ஏஸ். ஆலோசனை இடத்தில் இது வந்தால் நான் சுற்றி வளைக்காமல் ஒன்றுதான் சொல்வேன்: பேசுங்கள், ஒரே விஷயத்தைப் பேசுங்கள்.

ஒரே விஷயம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் ஒரு மூட்டையே இருக்கிறது. பிறந்தநாள் அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தது, தீபாவளிக்கு வராதது, நண்பர்களிடம் உங்களை ‘காலேஜ் ஃப்ரெண்ட்’ என்று அறிமுகம் செய்தது. இவை வலித்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றை எடுத்தால் அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார், நீங்கள் ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் சொல்வீர்கள், இரண்டு மணி நேரம் கழித்து அவர் சாரி கேட்பார், நீங்கள் அழுவீர்கள், கல்யாணம் என்ற கேள்வி அப்படியே இருக்கும். கார்டில் இருப்பது ஒரு வாள், கட்டு அல்ல. அந்தப் பழைய கணக்குகளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பதிலைப் பொறுத்து அவை தேவைப்படாமலே போகலாம்.

கேட்க வேண்டியதை எழுதிப் பார்த்துக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் இந்த அளவு போதும்: ‘நாம கல்யாணம் பண்ணிக்கப் போறோமா, இல்லையா, இல்ல நீ இன்னும் முடிவு பண்ணலையா? எதுவா இருந்தாலும் சரி, எனக்கு இன்னைக்குத் தெரியணும்.’ சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த அமைதி தாங்காமல் ‘பரவாயில்ல, உனக்கு டைம் வேணும்னா எடுத்துக்கோ’ என்று நீங்களே அவருக்குப் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று எனக்குப் பயம், ஏனென்றால் உங்கள் மெசேஜிலேயே அவர் தரப்பு நியாயத்தை அவரைவிட நன்றாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. இது கொஞ்சம் கசக்கும். இந்த வாளுக்கு இரண்டு பக்கமும் கூர் இருக்கிறது. மெசேஜின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மார்கழி முடிந்ததும் உங்கள் வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுக்கப் போகிறார்கள், கரூரில் ஒரு இடத்தை அப்பா ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார், தை பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லப் போகிறார். இது அவருக்குத் தெரியாது. அவர் எதையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று வருத்தப்படும் நீங்கள் இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மாதமாக மறைத்துவைத்திருக்கிறீர்கள். ஏன் என்றும் புரிகிறது, சொன்னால் மிரட்டுவது போல ஆகிவிடும், பயந்துபோய் சரி சொன்னால் அது நிஜமான சரியாக இருக்காது. ஆனால் இதைச் சொல்லாமல் கேட்டால் அவருக்கு இருக்கும் அவகாசம் எவ்வளவு என்றே தெரியாமல் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார், நீங்கள் உடைந்துபோவீர்கள், அவருக்கு ஏன் என்றே புரியாது. அது நியாயமில்லை. கேள்விக்கு முன்னால் சொல்லுங்கள், சாதாரணக் குரலில், தகவலாக. ‘வீட்ல தை மாசம் ஒரு இடம் வரச் சொல்லப் போறாங்க, நான் இன்னும் சரின்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல.’ கடைசிப் பாதி முக்கியம், ஏனென்றால் அதுதான் உண்மை.

ஸ்மித்தை வைத்து இந்த டெக்கை உருவாக்கிய வெயிட், இந்தக் கார்டைப் பற்றி எழுதும்போது அன்பிலும் சரி வெறுப்பிலும் சரி இதற்குப் பெரிய வேகம் உண்டு என்கிறார். இதை ‘ஜெயிக்கிற கார்டு’ என்று மட்டும் படிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்ற பேரில் ஆளை வெட்டிப்போடவும் இதே கார்டு உதவும். நீங்கள் கோபத்தில் எப்படிப் பேசுவீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ‘அவன் சம்பளத்தைப் பத்தி ஒரு தடவை சொல்லிட்டேன், அவன் மறக்கவே இல்ல’ என்று. அந்தப் பக்கம் போகாதீர்கள். கை நடுங்காமல் வாளை நேராகப் பிடித்திருக்கிறது பாருங்கள், யாரையும் நோக்கி நீட்டவில்லை. கிரீடத்தில் தொங்கும் ஆலிவ் சமாதானத்துக்கு, ஓலை வெற்றிக்கு. இரண்டும் ஒரே கிரீடத்தில் இருப்பதால், அவரைப் பேச்சில் மடக்குவது இங்கே வெற்றி இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த மொட்டை மலை. இதுவே ஏஸ் ஆஃப் கப்ஸ் வந்திருந்தால் கிண்ணத்திலிருந்து தண்ணீர் வழியும், மேலே புறா, கீழே பூத்த குளம், நான் ‘மனதில் இருப்பதைக் கொட்டுங்கள், அவர் உருகுவார்’ என்று எழுதியிருப்பேன். இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தப் பேச்சு இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கட்டிப்பிடித்து முடியும் என்று மனதில் ஒரு காட்சி ஓட்டிவைக்காதீர்கள். நல்ல பதிலே வந்தால்கூட அந்த இடம் கொஞ்சம் காய்ந்துதான் இருக்கும். அவர் அப்பாவிடம் எப்போது பேசுவார், நீங்கள் உங்கள் அம்மாவிடம் எப்போது சொல்வீர்கள், வேலையை யார் எந்த ஊருக்கு மாற்றுவது என்று உடனே கணக்குப் பேச்சு வந்துவிடும்.

‘இல்லை’ என்று சொன்னால்? அந்த இடத்திலேயே ‘ஏன்’ என்று நோண்டாதீர்கள். எழுந்து வீட்டுக்கு வாருங்கள், மணப்பாறையில் இருக்கும் அந்தத் தோழியிடம் முன்னமே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், அன்று சாயங்காலம் தனியாக இருக்க வேண்டாம். கோபத்தில் கரூர் இடத்துக்குச் சரி சொல்லிவிடவும் வேண்டாம், அது இன்னொரு கேள்வி.

எனக்குத் தோன்றுகிற வரைக்கும் பெரும்பாலும் மூன்றாவது பதில்தான் வரும், இது கார்டு சொன்னது இல்லை, மூன்று வருடமாக ‘பார்க்கலாம்’ சொல்கிற ஒருவரைப் பற்றி என் யூகம். முடிவு பண்ணவில்லை என்று அவர் சொன்னால் அதையும் பதிலாக ஏற்றுக்கொண்டு ஒரு தேதி கேளுங்கள். ‘சீக்கிரம்’ தேதி கிடையாது. ‘ப்ராஜெக்ட் முடிஞ்சதும்’ தேதி கிடையாது. அவர் ஒரு நாள் சொல்லட்டும், அதுவரை உங்கள் வீட்டை நீங்கள் தள்ளிவைக்க முடியுமா முடியாதா என்பதை நீங்களும் அங்கேயே சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லலாம்.

எங்கே, எப்போது என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், ராத்திரி போனிலும் வேண்டாம், அவர் தூக்கத்தில் ‘நாளைக்குப் பேசலாம்’ என்றுவிடுவார். போகிக்கு முந்தின நாள் வந்து காணும் பொங்கலுக்கு மறுநாள் கிளம்புகிறார் என்றீர்கள். கிளம்புகிற நாளில் ஸ்டேஷனில் வைத்துக் கேட்காதீர்கள், ரயில் வந்தால் பேச்சு முடிந்துவிடும். முக்கொம்பு போகலாம் என்று நினைத்திருந்தால் காணும் பொங்கல் அன்று போகாதீர்கள், திருச்சியே அங்கேதான் இருக்கும், உட்காரக்கூட இடம் கிடைக்காது. போகி அன்று வீட்டில் ஒட்டடை வேலை முடிந்த பிறகு ஒரு மூன்று மணி போலக் கிளம்புங்கள், ஆற்றங்கரைப் பக்கம் நிழலாகப் பார்த்து உட்காருங்கள், இரண்டு பேர் போனையும் பைக்குள் போட்டுவிட்டு வீட்டு விஷயத்தை முதலில் சொல்லுங்கள், கேள்வியை அடுத்துக் கேளுங்கள்.