மதுரை – மூணாறு – உடுமலை: ஐந்து நாள் சைக்கிள் பயணத் திட்டம்

ஆறு பேருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு டீக்கடையில் பேசியதை எழுத்தில் போட்டுவிட்டேன். 2026 ஜனவரி 27 செவ்வாய் காலை மதுரையில் கிளம்பி, 31 சனி மதியம் உடுமலைப்பேட்டையில் முடிக்கிறோம். மொத்தம் சுமார் 240 கிலோமீட்டர். ஐந்து நாளைக்கு இவ்வளவுதானா என்று சின்னவர்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். முதல் நாள் மட்டும்தான் தூரக் கணக்கு. அப்புறம் ஏற்றக் கணக்கும் யானைக் கணக்கும்தான். மதியம் 3 மணிக்குள் அறைக்குள் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னால் எண்ணித்தான் எல்லா நாளும் போட்டிருக்கிறேன்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. குடியரசு தினம் திங்களன்று வருவதால் அந்த மூன்று நாளும் மூணாறு ரோட்டில் கார் நெரிசல் தாங்காது. அது வடிந்த பிறகு ஏறுகிறோம். பழநியில் போய் முடிக்கலாம் என்று அண்ணன் ஆசைப்பட்டார். ஆனால் பிப்ரவரி 1 தைப்பூசம். முந்தின நாள் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே ஆறு சைக்கிள் போவது அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் அறை கிடைக்காது. முருகனை இன்னொரு நாள் பார்ப்போம் அண்ணே.

செவ்வாய்: மதுரை – உசிலம்பட்டி – ஆண்டிபட்டி – தேனி – போடி, 90 கி.மீ. காலை 5.30க்குக் கிளம்பினால் இருட்டில் ஒரு மணி நேரம் ஓட்டவேண்டியிருக்கும். முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, ஒளிரும் சட்டை மூன்றும் இல்லாதவர் விடிந்தபின் பஸ்ஸில் வரலாம். 38ஆவது கிலோமீட்டரில் உசிலம்பட்டி, இட்லி அங்கேதான். அதைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஒன்றுதான் மேடு. மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 135 மீட்டர், போடி 350க்குக் கிட்டே. காற்றும் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் அடிக்கும். வேகமாகப் போகலாம் என்று தோன்றும், போகாதீர்கள். மறுநாளுக்குக் கால் வேண்டும்.

புதன்: போடி – போடிமெட்டு – பூப்பாறை, 38 கி.மீ. இதுதான் பெரிய நாள். முந்தல் வரை சாதாரண ரோடு. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் 17 கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏற்றம். சராசரியாக நூற்றுக்கு 5 சரிவு, வளைவுகளின் உள்பக்கம் அதைவிட அதிகம். உள்பக்கம் வெட்டி ஏறாமல் இடது ஓரமாகவே வாருங்கள். கீழே இறங்கும் ஜீப்புகள் ஏலத்தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வருபவை, அவர்களுக்கு அவசரம். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றே கணக்கு வைத்திருக்கிறேன். இறங்கித் தள்ளுவதில் வெட்கமே இல்லை, நானே இரண்டு வளைவு தள்ளுவேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வழியில் கடையை நம்பவேண்டாம். மேலே போனதும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் உட்காரவேண்டும். வியர்வையோடு உட்கார்ந்துவிட்டு, போன வருடம் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அங்கிருந்து பூப்பாறை வரை இறக்கம்.

வியாழன்: பூப்பாறை – ஆனையிறங்கல் – தேவிகுளம் – மூணாறு, 30 கி.மீ. இன்று 8 மணிக்கு முன் யாரும் கிளம்பக்கூடாது. ஆனையிறங்கல் என்று சும்மா பேர் வைக்கவில்லை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது இந்தச் சின்னக்கானல் பக்கம்தான். அவன் போய்விட்டான், மற்ற யானைகள் இருக்கின்றன. ஆறு பேரும் 50 மீட்டருக்குள் சேர்ந்தே போவோம். எதிரே வண்டிகள் வரிசையாக நின்றால் நாமும் நிற்போம். செல்ஃபி கிடையாது. தேவிகுளம் பக்கம் 1,700 மீட்டரைத் தொட்டுவிட்டு மூணாறுக்கு இறங்குகிறோம். இரவில் நல்ல குளிர், கம்பளித் தொப்பி ஒன்று வையுங்கள்.

வெள்ளி: மூணாறு – மறையூர், 40 கி.மீ. தேயிலைக்கு நடுவே கொஞ்சம் ஏறி, அப்புறம் நீளமாக இறங்கும். வெல்லம் காய்ச்சுமிடத்தைப் பார்த்துவிட்டு மறையூரில் தங்கல்.

சனி: மறையூர் – சின்னாறு – உடுமலை, 44 கி.மீ. சரணாலயமும் புலிகள் காப்பகமும் அடுத்தடுத்து வருகின்றன. சோதனைச்சாவடியில் என்ன சொல்கிறார்களோ அதுதான். சைக்கிளை விடமாட்டோம் என்றால் வாக்குவாதம் வேண்டாம், மறையூரில் சொல்லிவைத்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காட்டைக் கடந்து இறங்கிக்கொள்வோம். காட்டுக்குள் சாப்பிட, படமெடுக்க நிறுத்தம் இல்லை.

தங்குமிடம். டென்ட் வேண்டும் என்று கேட்டவருக்கு: இந்தப் பாதையில் வேண்டாம். ஏலக்காட்டு ஓரத்தில் துணிக்கூரைக்குள் படுக்க எனக்கு தைரியம் இல்லை. போடியில் பஸ் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் லாட்ஜ், பூப்பாறையிலும் மறையூரிலும் குடும்பம் குடியிருக்கும் வீட்டுத் தங்கல், மூணாறில் டவுனுக்குள் தரைத்தள அறை. நான்கிலும் போனில் ஒரே கேள்விதான் கேட்டேன்: ராத்திரி சைக்கிளை உள்ளே வைக்க விடுவீர்களா? போன வருடம் ஓரிடத்தில் சரி என்று சொல்லிவிட்டு, போனதும் வாசலில் கட்டச் சொன்னார்கள். விடிய விடிய ஜன்னலில் உட்கார்ந்திருந்தோம். இந்தமுறை அதை எழுத்தில் வாட்ஸ்அப்பில் வாங்கியிருக்கிறேன். டாக்டர் அக்காவுக்கும் டீச்சருக்கும் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கும் தனி அறை. தினமும் அறைக்குப் போனதும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், மலையில் பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

ரிப்பேர் சாமான். ஆளுக்கு இரண்டு ட்யூப், தன் டயர் அளவுக்கே. ஊர் சைக்கிள் கடையில் 26, 28 கிடைக்கும், நம் 700க்கு வாய்ப்பு குறைவு. ஒல்லி வால்வுக்காரர்கள் பித்தளை அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெட்ரோல் பங்க் காற்று ஏறாது. உசிலம்பட்டி ரோட்டில் நம் எதிரி சீமைக்கருவேல முள். ட்யூபை மாற்றும்போது டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள், வெறும் விரலால் வேண்டாம். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதைப் பிடுங்காமல் புது ட்யூப் போட்டால் பத்தே நிமிடம்தான். ஏற்கெனவே திறந்த சொல்யூஷன் ட்யூப் உள்ளே காய்ந்திருக்கும், புதிதாக வாங்குங்கள்.

பொதுப் பை என்னிடம்: அலன் கீ செட், செயின் கட்டர், 8க்கும் 9க்கும் தனித்தனி இணைப்புக் கண்ணி, பிரேக் கேபிள் இரண்டு, கியர் கேபிள் ஒன்று, நிப்பிளோடு ஸ்போக் ஆறு, பழைய டயரில் வெட்டிய துண்டு, கருப்பு டேப், செயின் எண்ணெய். பம்ப் இரண்டு, ஒன்று முன்னால் போகிறவரிடம், ஒன்று கடைசி ஆளிடம். பிரேக் கட்டையை 25ஆம் தேதிக்குள் எல்லாரும் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள், ரிம் சூடானால் ட்யூப் வெடிக்கும். முதலுதவிப் பை அக்காவிடம்.

உடுமலையிலிருந்து மதுரைக்கு சைக்கிள்கள் குட்டி யானையில் வரும், நாம் பஸ்ஸில். அந்த யானைக்கு மட்டும் அட்வான்ஸ் தரவேண்டும். ஆளுக்கு 700 ரூபாயை 20ஆம் தேதிக்குள் பேங்க் சாரிடம் கொடுத்துவிடுங்கள்.