பொருள்: வாடிக்கையாளர் பதிவுகள் புது மென்பொருளுக்கு மாறிவிட்டன – எட்டுப் பேருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு இரவு 9.40-க்குக் கடைசித் தொகுப்பும் ஏறி முடிந்தது. பழைய மென்பொருளில் இருந்த 18,460 பதிவுகளில் இரட்டைப் பதிவுகள் 1,215 போக, மீதி 17,245-ம் புதியதில் இருக்கின்றன. திங்கள் காலை விற்பனைப் பிரிவு தடையில்லாமல் பில் போடத் தொடங்கியது.

வேலை எந்த வரிசையில் நடந்ததோ, அதே வரிசையில் நன்றி சொல்கிறேன்.

முதலில் பயிற்சியாளர்கள் கயல்விழி, இம்ரான், ஸ்டெல்லா. சோதனை ஏற்றத்தில் எண்ணிக்கை ஒத்துவந்ததால் எல்லாம் சரி என்றே நினைத்தோம். கயல்விழி அதோடு விடாமல் 200 பதிவுகளைப் பழையவற்றோடு வரி வரியாக ஒப்பிட்டார். பூஜ்யத்தில் தொடங்கும் தொலைபேசி எண்கள் அனைத்திலும் அந்தப் பூஜ்யம் போயிருந்தது. விரிதாள் அந்த நெடுவரிசையை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று இம்ரான் கண்டுபிடித்தார். கெட்டுப்போன கோப்பில் கை வைக்காமல், நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றி, மூலத்திலிருந்தே மறுபடி இறக்கினார். அதுதான் சரியான வழி. எந்த எண்ணில் பூஜ்யம் இருந்தது, எதில் இல்லை என்பது கெட்ட கோப்பைப் பார்த்தால் தெரியாது. ஸ்டெல்லா, இரட்டைப் பதிவு என்று நீக்கப்படவிருந்தவற்றைப் பில் முகவரியோடு வைத்துப் பார்த்து, ஒரே தொலைபேசி எண்ணைத் தந்திருந்த வெவ்வேறு வாடிக்கையாளர்கள் 64 பேரைக் காப்பாற்றினார்.

விற்பனை, கணக்கு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளின் மேலாளர்கள் மூவருக்கும் நன்றி. வெள்ளி மாலை 6 மணிக்கு உங்கள் பிரிவுகளில் புதுப் பதிவை நிறுத்தி வைத்தீர்கள். அதற்குப் பின் ஒரு பதிவு நுழைந்திருந்தாலும் கணக்கு ஒத்துவந்திருக்காது. பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது, நிலுவைத் தொகையின் கூட்டலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வரவேண்டும் என்று கணக்குப் பிரிவு மேலாளர் உறுதியாக நின்றார். அப்படிப் பார்த்ததில்தான் விடுபட்டிருந்த கடன் குறிப்பு மூன்று அகப்பட்டன.

நிதி, செயல்பாட்டு இயக்குநர்கள் இருவருக்கும் நன்றி. தொலைபேசி எண் சிக்கலால் ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டபோது அன்று மாலையே ஒப்புதல் தந்தீர்கள். அந்த வாரம் கிடைத்திருக்காவிட்டால் மேலே சொன்ன எதையும் திருத்தியிருக்க முடியாது. ஞாயிறு வேலைக்கான மாற்று விடுப்பைப் பயிற்சியாளர்களுக்கும் சேர்த்தே கொடுத்ததைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

பயிற்சியாளர்கள் தயாரித்த சரிபார்ப்புப் பட்டியல் அவர்கள் மூவர் பெயரோடும் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. அடுத்து மாறவிருக்கும் சரக்கிருப்புப் பதிவுகளுக்கும் அதையே பயன்படுத்துவோம். பழைய மென்பொருள் இந்த மாத இறுதிவரை பார்வைக்கு மட்டும் திறந்திருக்கும்.

யாருடைய பங்கையாவது நான் விட்டிருந்தால் தயங்காமல் எனக்கு எழுதுங்கள். இதே எட்டுப் பேருக்கும் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
திட்ட ஒருங்கிணைப்பாளர்